கிளிக்கும் மர்மரும்: மிட்ரல் வால்வுப் பிதுக்கத்துக்கு எவ்வளவு பயம் போதும்?

வட சென்னையில் வேலைக்குச் சேருமுன் உடல்தகுதிச் சான்று கேட்கும் இடங்கள் ஏராளம். துறைமுகம், சரக்குப் பெட்டக முனையங்கள், எண்ணூரின் மின் நிலையங்கள், திருவொற்றியூரின் வாகன ஆலைகள் எல்லாம் கேட்கும். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது கட்டாயம். இதனால் எந்தத் தொந்தரவும் சொல்லாத இளைஞர்களின் மார்பில் இந்தப் பகுதியில் அடிக்கடி ஸ்டெத் வைக்கப்படுகிறது. சிலரிடம் மருத்துவருக்கு ஒரு கூடுதல் சத்தம் கேட்கிறது. "மர்மர் இருக்கு, எக்கோ எடுத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறார். எக்கோ அறிக்கை "எம்.வி.பி." என்று வருகிறது. அது வீட்டுக்குள் "வால்வு கோளாறு" ஆகி, தெருவுக்குப் போவதற்குள் "ஹார்ட்ல ஓட்டை" ஆகிவிடுகிறது. வேலை தள்ளிப்போகிறது, பெண் பார்ப்பது நின்றுபோகிறது.

எம்.வி.பி. என்பது மிட்ரல் வால்வுப் பிதுக்கம். இது இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி நோயாளியின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்லாது. வால்வு எவ்வளவு கசிகிறது, இதயத் தசை எப்படி இருக்கிறது, இது உண்மையில் பிதுக்கம்தானா அல்லது ருமாட்டிக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பா என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் விடை வேண்டும். பெரும்பாலோருக்கு விடை நல்லதாகவே வரும். அவர்களுக்கு மாத்திரை தேவையில்லை. நோயைப் புரியவைக்கும் நாலு வார்த்தையும், அடுத்து எப்போது வரவேண்டும் என்ற தேதியும் போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது மிட்ரல் வால்வு. முன்னிதழ், பின்னிதழ் என்று அதற்கு இரண்டு இதழ்கள். இதழ்களின் விளிம்பிலிருந்து மெல்லிய நாண்கள் இறங்கிக் கீழறைத் தசையில் பிடித்திருக்கும். கீழறை சுருங்கும்போது இதழ்கள் மூடிக்கொள்ளும். மேலறைக்குள் புரண்டுவிடாமல் நாண்கள் அவற்றை இழுத்துப் பிடிக்கும்.

சிலருக்கு இந்த இதழ்த் திசு சற்றுத் தளர்வாகவும் தேவைக்கு மேல் அகலமாகவும் இருக்கும். நாண்களும் கொஞ்சம் நீண்டிருக்கும். கீழறை சுருங்கத் தொடங்கும்போது வால்வு ஒழுங்காகவே மூடுகிறது. பாதிச் சுருக்கத்தில் கீழறை சிறுத்ததும் நாண்கள் தொய்ந்து, இதழ் மேலறைப் பக்கம் புடைக்கிறது. தொய்வு முடிந்து நாண் சட்டென்று விறைக்கும் கணத்தில் பிறப்பதுதான் கிளிக். காசிமேட்டில் கட்டிப் போட்ட விசைப்படகை அலை இழுக்க, தொங்கிக் கிடந்த கயிறு திடீரென விறைத்து 'டப்' என்று ஒலிக்குமே, ஏறக்குறைய அதே நிகழ்ச்சி. புடைத்த இதழ்கள் அதற்குப் பிறகு சரியாகப் பொருந்தாவிட்டால் கொஞ்சம் ரத்தம் மேலறைக்குப் பின்வாங்கும். கிளிக்கைத் தொடர்ந்து, சுருக்கத்தின் பின்பாதியில் கேட்கும் மர்மர் அதுதான்.

இந்த ஒலி இடம் மாறும். படுத்திருப்பவரை எழுந்து நிற்கச் சொன்னால் கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் அளவு குறையும். கீழறை சிறுக்கும், நாண்கள் சீக்கிரமே தொய்யும். அதனால் கிளிக் முதல் இதய ஒலிக்கு அருகே நகர்ந்து வர, மர்மர் நீளும். குத்தவைக்கச் சொன்னால் நேர்மாறாக நடக்கும். கீழறை நிரம்பும், கிளிக் பின்தள்ளிப் போகும், மர்மர் குறுகும் அல்லது மறையும். செலவில்லாத இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். வேறு கிளிக்குகள் இப்படி நகர்வதில்லை.

மே மாத வெயிலில் கன்டெய்னர் யார்டில் வேலை முடித்து, வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வந்து படுப்பவரிடம் இதே ஒலிகள் கூடுதலாகக் கேட்கும். உடலில் நீர் குறைந்தால் கீழறை சிறுத்துவிடும் என்பதே காரணம். தண்ணீர் கொடுத்து, அரைமணி உட்காரவைத்துத் திரும்பக் கேட்பது நல்லது. கர்ப்பிணிகளிடம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுவதால் கிளிக்கே மறைந்துபோவதுண்டு. கசிவு அதிகமில்லாத பிதுக்கம் பிரசவத்துக்குத் தடையில்லை, சிசேரியனுக்குக் காரணமும் ஆகாது.

பெருகிச் சுருங்கிய நோய்

இந்த கிளிக்கை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கேட்டுவந்தார்கள். 1913இல் பிரான்சின் கல்லவர்தேன், இது இதயத்துக்கு வெளியே, உறைகளின் ஒட்டுதலால் வரும் சத்தம் என்றார். அரை நூற்றாண்டுக் காலம் அதையே நம்பினார்கள். 1963இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜான் பார்லோவும் உடன் பணிபுரிந்தவர்களும் இடது கீழறைக்குள் சாயம் செலுத்திப் படமெடுத்தார்கள். பின்பாதி மர்மர் கேட்டவர்களிடம் மிட்ரல் வால்வு கசிவது படத்தில் தெரிந்தது. 1966இல் அமெரிக்காவின் ஜான் மைக்கேல் கிரைலி இதற்குப் பிதுக்கம் என்று பெயர் வைத்தார்.

எக்கோ கருவி பரவிய 1970களிலும் 80களிலும் இந்த நோய் தாறுமாறாகப் பெருகியது. நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேல், பிதுக்கம் இருப்பதாகக் கணக்கு வந்தது. நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், பதற்றம் எல்லாம் இதன் தலையில் விழுந்தன. கோளாறு அளந்த விதத்தில் இருந்தது. மிட்ரல் வால்வின் விளிம்பு வளையம் தட்டையானது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அது குதிரைச் சேணம் போல இரு பக்கம் உயர்ந்தும் இரு பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது என்பதை 1980களின் பிற்பகுதியில் பாஸ்டனின் ராபர்ட் லெவின் முப்பரிமாணத்தில் காட்டினார். தாழ்ந்த பக்கத்தின் வழியாகப் பார்த்தால், அதாவது நாலறைக் கோணத்தில் பார்த்தால், நல்ல வால்வுகூட புடைத்ததாகவே தெரியும். மார்பெலும்பை ஒட்டிய நீளவாட்டுக் கோணத்தில், வளையக் கோட்டைத் தாண்டி இதழ் 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால்தான் பிதுக்கம் என்று அதன்பின் முடிவானது. இதழின் தடிப்பு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அது முழு வகை. குறைவாக இருந்தால் லேசான வகை.

இந்தப் புது அளவுகோலோடு அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரத்தில் மருத்துவமனை நோயாளிகளாக இல்லாமல் சாதாரணமாக வாழும் 3,491 பேரைப் பரிசோதித்த முடிவு 1999இல் வெளியானது. பிதுக்கம் இருந்தது 84 பேருக்கு, அதாவது 2.4 விழுக்காடு. 47 பேர் முழு வகை, 37 பேர் லேசான வகை. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. மயக்கம், பக்கவாதம், இதயச் செயலிழப்பு ஆகியவை இவர்களிடம் அரிதாகவே இருந்தன. முந்தைய பயங்கரச் சித்திரம் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பப்பட்ட, ஏற்கெனவே உடல்நலம் கெட்டவர்களை மட்டும் பார்த்து வரைந்தது என்பது இதனால் விளங்கியது.

ருமாட்டிக் காய்ச்சலின் நிழல்

மேலைநாட்டுப் பாடநூலை அப்படியே எடுத்து ராயபுரத்தில் வைத்துவிட முடியாது. நம்மூரில் இளவயதினரிடம் மிட்ரல் மர்மர் கேட்டதும் மருத்துவர் மனதில் முதலில் எழும் பெயர் ருமாட்டிக் இதய நோய். தொண்டைப்புண்ணைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல் வால்வைத் தழும்பாக்கிவிடும் நோய் இது. நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் அடுத்த பிள்ளைக்குப் போகும் சூழலில் அந்தச் சந்தேகம் நியாயமானதே.

இரண்டில் எதை எதாகத் தவறாக எண்ணினாலும் நட்டம் வரும். ருமாட்டிக் நோயைப் பிதுக்கம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய பென்சிலின் ஊசி தவறிப்போய், அடுத்த காய்ச்சல் வால்வை இன்னும் கெடுக்கும். பிதுக்கத்தை ருமாட்டிக் என்று எழுதிவிட்டால், தேவையற்ற அந்த வலி மிகுந்த ஊசியை ஒரு பிள்ளை பல ஆண்டுகள் போட்டுக்கொள்ள நேரும்.

பிரித்தறிய வழி உண்டு. ருமாட்டிக் கசிவின் மர்மர் பெரும்பாலும் சுருக்கத்தின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீளும், நடுவில் கிளிக் இருக்காது. எக்கோவில் இதழ்களின் நுனி தடித்து, அசைவு இறுகியிருக்கும். பின்னிதழ் சில சமயம் அசைவதே இல்லை. இதழ்கள் சேரும் மூலைகள் ஒட்டியிருக்கலாம். பிதுக்கத்தில் இதழ் தடித்திருந்தாலும் தளர்வாக, தாராளமாக அசையும். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ருமாட்டிக் நோயின் தொடக்கத்தில், சிறுவர்களிடம், நாண்கள் நீண்டு முன்னிதழின் நுனி மட்டும் மேலறைப் பக்கம் எட்டிப் பார்க்கும். அறிக்கையில் இதுவும் பிதுக்கம் என்றே வந்துவிடுகிறது. பிதுக்கம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் புடைப்பது இதழின் வயிற்றுப்பகுதி. எனவே "எந்த இதழ், எந்தப் பகுதி" என்று எக்கோ அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும். மூட்டு மாறி மாறி வீங்கிய காய்ச்சல் சிறுவயதில் வந்ததா என்று அம்மாவிடம் கேட்பதும் எக்கோவுக்குச் சமமான சோதனையே.

ஒருவரைப் படிப்படியாகப் பார்ப்போம்

கீழே வருவது ஒரு தனிநபரின் கதையல்ல. இப்படி வருகிறவர்களிடம் வழக்கமாகக் காண்பதைக் கோத்து அமைத்த மாதிரி. திருவொற்றியூரைச் சேர்ந்த 24 வயது இளைஞர், பெட்டகங்களைக் கட்டும் லாஷிங் வேலைக்குத் தேர்வாகி, தகுதிச் சோதனையில் மர்மர் கண்டு அனுப்பப்படுகிறார். உயரம் 174 செ.மீ., எடை 58 கிலோ. ஒல்லியான உடல்வாகு பிதுக்கம் உள்ளவர்களிடம் அதிகம். ரத்த அழுத்தம் 112/70, நாடி 84.

இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்துக் கேட்டால் முதல் ஒலிக்குப் பிறகு, சுருக்கத்தின் நடுவில் ஒரு கிளிக், அதை ஒட்டி மெல்லிய மர்மர். நிற்கவைத்ததும் கிளிக் முன்னால் வருகிறது, மர்மர் நீள்கிறது. குத்தவைத்ததும் மர்மர் ஏறக்குறைய காணாமல் போகிறது. பிதுக்கம் என்று இங்கேயே முடிவாகிவிடுகிறது. மார்ஃபன் நோய்க்குறித்தொகுப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் அதில் வால்வோடு பெருந்தமனியும் தளர்ந்திருக்கும். இரு கைகளையும் விரித்து அளந்தால் 176 செ.மீ., உயரத்துக்குச் சரியாகவே இருக்கிறது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடினால், விரலின் நுனிக்கணு முழுவதும் வெளியே நீண்டு வரவில்லை. குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் இல்லை. ஈ.சி.ஜி. இயல்பாக இருக்கிறது.

எக்கோவில் பின்னிதழ் வளையத்தைத் தாண்டி 3 மி.மீ. புடைக்கிறது. தடிப்பு 3.5 மி.மீ., ஆகவே லேசான வகை. சுருக்கத்தின் கடைசியில் மட்டும் மிகச் சிறிய கசிவு. மேலறை பெரிதாகவில்லை. கீழறை சுருங்கிய நிலையில் 30 மி.மீ., பம்ப் திறன் 65 விழுக்காடு. இதழ்கள் நன்றாக அசைகின்றன, மூலைகள் ஒட்டவில்லை.

உடன் வந்த அம்மா கேட்கிறார்: "டாக்டர், புள்ளைக்கு ஹார்ட்ல ஓட்டைங்களா?"

"ஓட்டை எதுவும் இல்லம்மா. வால்வோட இதழ் கொஞ்சம் தளர்வா இருக்கு, அவ்வளவுதான். பொறக்கும்போதே அமைஞ்ச வாகு. ரத்தம் ரொம்பக் கொஞ்சமா திரும்புது. அதால இதயத்துக்கு ஒரு பாதிப்பும் இல்ல. வேலைக்குப் போகட்டும், கல்யாணம் பண்ணட்டும், ஃபுட்பால் ஆடட்டும். மூணு வருஷம் கழிச்சு ஒருதடவை எக்கோ பாத்துக்கலாம்."

இந்தப் பதிலில் சிகிச்சையின் பெரும்பகுதி அடங்கிவிட்டது. சான்றிதழில் மருத்துவர் "தகுதி உண்டு" என்று எழுத வேண்டும். "எம்.வி.பி. உள்ளது, இதய நிபுணரைப் பார்க்கவும்" என்று மட்டும் எழுதி முடித்தால், அந்த அரைகுறை வாக்கியத்தால் வேலை போய்விடும்.

படபடப்பை வால்வின் மேல் போடலாமா?

பிதுக்கம் இருப்பதாகத் தெரிந்தபின் வருகிற ஒவ்வொரு படபடப்பும் அதனாலேயே என்று நோயாளி நினைக்கத் தொடங்குகிறார். சில கூடுதல் துடிப்புகளுக்கு வால்வு காரணமாக இருக்கலாம். ஆனால் இந்தப் பகுதியில் நெஞ்சு இறுக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் வேறு காரணங்கள் கண்முன்னே இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மூச்சுத்திணறலும் நெஞ்செரிச்சலுமாக மீனவக் குப்பங்களின் மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நாள்தோறும் தூசியும் புகையும் சுவாசிக்கிறவருக்கு ஆஸ்துமா இருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு மிகையும் படபடப்பைத் தரும். ஷிப்டு வேலையில் தூக்கம் கெட்டு, டீயிலும் சிகரெட்டிலும் ஓடுகிற உடலும் படபடக்கும். வால்வைக் குற்றவாளியாக்கிவிட்டால் இவற்றை யாரும் தேடமாட்டார்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்து, நெஞ்சு முழுவதும் ஸ்டெத் வைத்துக் கேட்ட பிறகும் படபடப்பு தொந்தரவு செய்தால், குறைந்த அளவு பீட்டா தடுப்பு மாத்திரை சிலருக்கு உதவும். ஆஸ்துமா இருந்தால் அதைக் கொடுப்பது ஆபத்து என்பதை இங்கே மறக்கக்கூடாது.

பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் போடுவது இன்னொரு பழைய வழக்கம். வால்வில் கிருமித் தொற்று வந்துவிடுமோ என்ற பயத்தில் பிதுக்கக்காரர்கள் எல்லோருக்கும் கொடுத்துவந்தார்கள். 2007இல் அமெரிக்க இதயச் சங்கம் இதைக் கைவிட்டது. முன்பே வால்வுத் தொற்று வந்தவர்கள், செயற்கை வால்வு உள்ளவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் போதும் என்றது. பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருப்பதே மற்றவர்களுக்கான பாதுகாப்பு. மர்மர் உள்ளவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தில் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும். முதலில் மாத்திரை போட்டுவிட்டால் பிறகு கிருமி சிக்காது.

யாருக்கு ஆறுதல் மட்டும் போதாது

குறைவான ஒரு பகுதியினருக்கு இந்த வால்வு உண்மையாகவே தொல்லை தரும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கசிவு கூடலாம். ஒரு நாண் அறுந்தால் ஒரே நாளில் கூடிவிடும். நேற்றுவரை மாடி ஏறியவர் இன்று படுத்தாலே மூச்சு முட்டுகிறது என்று வந்தால் அதுதான் நடந்திருக்கக்கூடும். தாமதிக்காமல் ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுத்தர வயதைக் கடந்தவர்கள், தடித்த இதழ் உள்ளவர்கள், ஏற்கெனவே மிதமான கசிவு உள்ளவர்கள் ஆகியோரிடம் இது நடக்க வாய்ப்பு அதிகம்.

இதயத் துடிப்பின் லயம் கெடுவது அதைவிட அரிது. மயங்கி விழுந்தவர், குடும்பத்தில் திடீர் மரணம் உள்ளவர், ஈ.சி.ஜி.யின் கீழ்ப்பக்கப் பதிவுகளில் டி அலை தலைகீழானவர், கீழறையிலிருந்து கூடுதல் துடிப்புகள் நிறைய வருபவர், இரு இதழ்களும் புடைத்து வளையம் தசையிலிருந்து விலகித் தெரிபவர் ஆகியோரை லேசாக விடக்கூடாது. இவர்களுக்கு 24 மணிநேர ஹோல்ட்டர் பதிவும், தேவைப்பட்டால் இதய எம்.ஆர்.ஐ.யும் வேண்டும்.

கடுமையான கசிவு என்று தெரிந்தால் தொந்தரவு வரும்வரை காத்திருப்பது சரியல்ல. கசிவு இருக்கும்போது பம்ப் திறன் உண்மையைவிட நன்றாகத் தெரியும், ஏனெனில் கீழறை ரத்தத்தின் ஒரு பகுதியை எதிர்ப்பில்லாத மேலறைக்குள் எளிதாகத் தள்ளிவிடுகிறது. அதனால் திறன் 60 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே வந்தாலோ, சுருங்கிய நிலையில் கீழறை 40 மி.மீ.யை எட்டினாலோ, மூச்சிரைப்பே இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சைக்கு நேரம் வந்துவிட்டது. பிதுங்கிய வால்வை மாற்றாமல் பெரும்பாலும் பழுதுபார்த்தே சரிசெய்ய முடிகிறது என்பது நல்ல செய்தி.

எப்போது திரும்ப வரவேண்டும்

கசிவு இல்லாதவரும் லேசான கசிவு உள்ளவரும் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ எடுத்தால் போதும். மிதமான கசிவுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டு இடைவெளி. கடுமையான கசிவுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு. இடையில் புதிதாக மூச்சிரைப்பு, மயக்கம், நீடித்த காய்ச்சல், ஓயாத தாறுமாறான துடிப்பு வந்தால் தேதிக்குக் காத்திருக்கக்கூடாது. ஆண்டுதோறும் எக்கோ எடுப்பது லேசான பிதுக்கம் உள்ளவருக்குப் பாதுகாப்பைக் கூட்டாது. ஒவ்வொரு முறையும் வேறு கோணம், வேறு கை, வேறு சொல் என்று வந்து புதுப் பயத்தைத்தான் கூட்டும்.

ஊர் மாறி, ஒப்பந்தக்காரர் மாறி, கப்பல் மாறி வேலை செய்கிறவர்கள் நிறைந்த பகுதி இது. கோப்பு ஓரிடத்தில் கிடக்க, ஆள் வேறிடத்தில் இருப்பார். ஆகவே மருத்துவர் நோயாளியின் கையிலேயே ஒரு சீட்டு கொடுக்கட்டும். எந்த இதழ், எத்தனை மி.மீ. புடைப்பு, கசிவு எந்த அளவு, ருமாட்டிக் அடையாளம் இல்லை, எந்த வேலைக்கும் தடையில்லை, அடுத்த எக்கோ எந்த ஆண்டு என்ற விவரங்கள் தெளிவாக அதில் இருக்க வேண்டும். அடுத்த தகுதிச் சோதனையில் வேறொரு மருத்துவர் அதே கிளிக்கைக் கேட்கும்போது அந்தச் சீட்டை நீட்டினால், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.